ஏழு ஃப்ரேம் தாமதம்

கச்சேரி வீடியோவில் ஒலியும் படமும் விலகியிருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளப் பாடகரின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. நீண்ட ஆலாபனையில் உதடு எப்போது அசைந்தது, கமகம் எப்போது எழுந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வயலின் வில்லும் இழுவையிலேயே ஓடுவதால் கால் செகண்ட் விலகலைக்கூட மறைத்துவிடும். பார்க்க வேண்டியது மிருதங்கத்தை. வலந்தலையில் விரல் விழும் கணமும் சத்தம் கிளம்பும் கணமும் ஒன்றுதான். அங்கே எதையும் மறைக்க முடியாது.

இதை எனக்குக் காட்டியவர் ஒரு மிருதங்க வித்வான். மார்கழி சீசனில் சென்னையில் அவர் வாசித்த ஒரு கச்சேரியைப் பதிவு செய்து, எடிட் முடித்து, லிங்க் அனுப்பியிருந்தேன். மறுநாள் போன் செய்தார்.

"தம்பி, வர்ணத்துல எல்லாம் சரியா இருக்கு. தனியில பாருங்க. என் கை முன்னாடி போகுது, சத்தம் பின்னாடி வருது. பாக்கறவங்களுக்கு நான் காலப்பிரமாணத்த விட்டுட்ட மாதிரி இல்ல இருக்கும்?"

தனி ஆவர்த்தனத்தைத் திறந்து, ஒரு சாப்பு விழும் இடத்தில் நிறுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். கை தோலைத் தொட்ட ஃப்ரேமிலிருந்து ஏழு ஃப்ரேம் தள்ளித்தான் சத்தம் வந்தது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், ஏழுக்கு 280. கடைசியில் மங்களத்தில் பார்த்தால் இன்னும் அதிகம். ஆனால் ஆரம்பத்தில், அவர் சொன்னதுபோல, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று பதிவு செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அரங்கின் பின்வரிசைக்குப் பக்கத்தில் முக்காலியில் ஒரு கேமரா, கச்சேரி முழுவதும் நிறுத்தாமல் ஓடியது. மேடை மைக்குகள் எல்லாம் மிக்சருக்குப் போய், அதன் லைன் அவுட் ஒரு தனி ரெக்கார்டரில் 48,000 சாம்பிள், 24 பிட் கணக்கில் பதிவானது. கேமராவின் சொந்த மைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒலி யாருக்கும் போட்டுக் காட்டத் தகுந்ததல்ல. இருமல், நாற்காலிச் சத்தம், கேன்டீனுக்குப் போகிறவர்களின் பேச்சு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் படத்தோடு பிறந்த ஒரே ஒலி அதுதான். ரெக்கார்டரின் நல்ல ஒலியை அந்த மோசமான ஒலியோடு பொருத்திவிட்டால் படத்தோடும் பொருந்திவிடும் என்பதுதான் வேவ்ஃபார்ம் சிங்க்கின் அடிப்படை.

பிரீமியரில் `Synchronize` கொடுத்தாலும், டாவின்சி ரிசால்வில் ஒலியலையை வைத்துப் பொருத்தச் சொன்னாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றே. ஒரு அலைவடிவத்தை இன்னொன்றின் மேல் வைத்து, சிறுகச் சிறுக நகர்த்தி, எந்த இடத்தில் மேடும் பள்ளமும் அதிகமாக ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் கணக்கிடுகிறது. ஒத்துப்போவதற்குக் கூர்மையான, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத சத்தங்கள் வேண்டும். தம்புராவின் நாதம் எங்கே வைத்தாலும் ஒரேமாதிரி இருக்கும், அது உதவாது. கைதட்டலும் உதவாது, மேடை மைக் கேட்ட கைதட்டலும் பின்வரிசை கேமரா கேட்ட கைதட்டலும் வேறு வேறு கைகள். மிருதங்கச் சொற்கள்தான் பெரிய துணை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. கோர்வையை மூன்று முறை வாசிக்கும்போது அலைவடிவமும் மூன்று முறை அப்படியே வரும். குறைந்த நேரத் துண்டை மட்டும் கொடுத்தால் மென்பொருள் ஒரு சுற்று தள்ளிப் பொருத்திவிடும். பத்து நிமிடத்துக்குக் குறையாத துண்டைக் கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

அன்று வர்ணத்தை வைத்துத்தான் பொருத்தியிருந்தேன். சரியாகவே பொருந்தியது. ஆனால் வேவ்ஃபார்ம் சிங்க் தருவது ஒரே ஒரு எண். இந்த ஒலியை இவ்வளவு தூரம் நகர்த்து என்பதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டு கருவிகளும் அதற்குப் பிறகு ஒரே வேகத்தில்தான் ஓடின என்று அது நம்புகிறது. அந்த நம்பிக்கை ஐந்து நிமிடப் பேட்டிக்குச் சரி. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்குப் போதாது.

கேமராவுக்குள்ளும் ரெக்கார்டருக்குள்ளும் ஆளுக்கொரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் என்று எண்ணுவது அதன் துடிப்பை வைத்துத்தான். ஒரே நேரத்தில் சாவி கொடுத்த இரண்டு கைக்கடிகாரங்கள் மாலைக்குள் சற்றே விலகி நிற்பதுபோல இவையும் விலகும். சாதாரணக் கருவிகளின் படிகங்கள் பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 பங்கு வரை தவறலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது மணிக்கு 3.6 மில்லிசெகண்ட். ஐம்பது பங்கு என்றால் மணிக்கு 180. இரண்டு கருவிகளும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் இரண்டும் கூடும். கருவி சூடானாலும் குளிர்ந்தாலும் படிகத்தின் வேகம் சிறிது மாறும். இது பழுதல்ல, விலைக்கேற்ற துல்லியம், அவ்வளவுதான்.

ஃபிலிம் காலத்துச் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. டேப் இழுபடும், வழுக்கும். அதனால் கேமராவிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, கேமரா ஓடும் வேகத்தைக் காட்டும் பைலட் டோன் என்ற சிக்னலையும் நாக்ரா டேப்பில் சேர்த்துப் பதிவு செய்தார்கள். பிறகு ஒலியை மாற்றிப் பதியும்போது அந்த சிக்னலைப் பின்பற்றி டேப்பின் வேகத்தைத் திருத்துவார்கள். வேகத்தைப் பற்றிய சாட்சியம் டேப்பிலேயே இருந்தது. நமக்கு அந்த கேபிள் இல்லை. சாட்சியத்தை இரண்டு அலைவடிவங்களிலிருந்து நாமேதான் எடுக்க வேண்டும்.

எடுக்கும் விதம் எளிது, பொறுமை மட்டும் வேண்டும். ஆரம்பத்தில் ஓர் அடி, கடைசியில் ஓர் அடி. இரண்டு பதிவுகளிலும் தெளிவாகத் தெரிகிற, முன்னும் பின்னும் கொஞ்சம் இடைவெளி உள்ள மிருதங்க அடிகளாகத் தேர்ந்தேன். வர்ணத்தில் ஒரு சாப்பு, மங்களத்தில் ஒரு சாப்பு. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் வழக்கமாக ஃப்ரேம் கணக்கில்தான் நகரும் என்பதால் அளவெடுக்க அதை நம்பவில்லை. கேமராவின் ஒலியைத் தனியே பிரித்தெடுத்து, இரண்டையும் ஆடாசிட்டியில் திறந்தேன்.

```
ffmpeg -i camera.mp4 -vn -ac 1 -ar 48000 camera.wav
```

அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கினால், நேர்கோடாகக் கிடக்கும் அமைதியிலிருந்து அடி எழும்பும் புள்ளி தெரியும். அலையின் உச்சியை அளக்கக் கூடாது. அரங்கின் எதிரொலி சேர்ந்து, கேமரா மைக்கில் உச்சி இடம் மாறியிருக்கும். எழும்பும் புள்ளி மாறாது. கேமராவின் ஆட்டோ லெவல் ஒலியை ஏற்றி இறக்கியிருந்தாலும் கவலையில்லை, அதனால் உயரம்தான் மாறும்.

இரண்டு சாப்புக்கும் நடுவே கேமரா கணக்கில் 8,820.000 செகண்ட், அதாவது 2 மணி 27 நிமிடம். ரெக்கார்டர் கணக்கில் 8,820.318. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.000036. கேமராவின் ஒரு செகண்டுக்குள் ரெக்கார்டர் 48,000க்குப் பதிலாக 48,001.7 சாம்பிள் எண்ணியிருக்கிறது. செகண்டுக்கு இரண்டு சாம்பிள்கூட அதிகமில்லை. ஆனால் அந்தச் சாம்பிள்களை டைம்லைன் 48,000 கணக்கில் வாசிக்கும்போது ஒலி கொஞ்சம் நீளமாகிறது. போகப் போகப் பின்தங்குகிறது. தனி ஆவர்த்தனம் வந்தது முதல் சாப்பிலிருந்து ஏறக்குறைய 6,600 செகண்டில். அங்கே விலகல் 238 மில்லிசெகண்ட், அதாவது ஆறு ஃப்ரேம்.

ஆனால் நான் எண்ணியது ஏழு. அந்த ஒரு ஃப்ரேமுக்குப் பிறகு வருகிறேன்.

ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லிசெகண்டிலும், பிந்தினால் 125 மில்லிசெகண்டிலும் பார்ப்பவர்களுக்கு உறைக்கத் தொடங்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையான பிடி.1359 சொல்கிறது. தூரத்துச் சத்தம் பிந்தி வருவது நமக்கு இயல்பு, முந்தி வருவது இயல்பில்லை; அதனால்தான் இந்த வேறுபாடு. எங்கள் பதிவின் விலகல் ஒரு மணி நேரத்தை நெருங்கும்போது 125ஐத் தொட்டுவிட்டது. வித்வானுக்கு அவர் கையைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது என்றாலும், தனியில் எந்த ரசிகருக்கும் அது தட்டுப்பட்டிருக்கும்.

திருத்துவதற்கு முன் நடுவில் ஓர் அளவு எடுத்தே ஆக வேண்டும். விலகல் படிகத்தால் வந்தது என்றால் பாதித் தூரத்தில் பாதி விலகல் இருக்கும். 4,410 செகண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சாப்பைத் தேடி அளந்தேன். 159 வர வேண்டும்; ஒரு மில்லிசெகண்ட் முன்பின்னாக அதுவே வந்தது. நேர்கோட்டில் போகும் விலகல்தான். இந்த நடு அளவைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏனென்றால் வேறொரு கச்சேரியில் நடு அளவு நேர்கோட்டில் உட்காரவே இல்லை. பாதி தாண்டும் வரை விலகல் அற்பம். பிறகு ஒரே இடத்தில் கால் செகண்டுக்குச் சற்றுக் குறைவான குதிப்பு. அதற்குப் பிறகு மறுபடி அமைதி. மெமரி கார்டு எழுதும் வேகத்தில் தடுமாறினால் ரெக்கார்டர் சில ஆயிரம் சாம்பிள்களை விட்டுவிட்டு அடுத்ததை எழுதும். அதன் கைரேகை இது. அதை முழு நீளத்துக்கும் சீராகச் சுருக்கியோ நீட்டியோ திருத்தினால் சரியாக இருந்த முதல் பாதியும் கெடும். ஐந்தாறு இடங்களில் அளந்து, குதிப்பு எந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருக்கிறதென்று நெருங்கிப் போய், அந்த இடத்தில் வெட்டி நகர்த்துவதுதான் வழி. கோப்புகள் பிரிகிற இடத்தையும் முதலில் சந்தேகப்பட வேண்டும். 48,000 சாம்பிள், 24 பிட், ஸ்டீரியோ என்றால் இரண்டு மணி நேரம் தாண்டியதுமே இரண்டு ஜிபி நிறைந்து, பல ரெக்கார்டர்கள் அங்கே அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

விலகல் மணிக்கு மூன்று நான்கு செகண்ட் என்று இருந்தால் படிகத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. 29.97ல் எடுத்த படத்தை 30 என்று யாரோ வாசித்திருக்கிறார்கள். அந்த வேறுபாடு சரியாக மணிக்கு 3.6 செகண்ட் வரும். போனில் எடுத்த படம் என்றால் இன்னொரு தொல்லை, அதன் ஃப்ரேம் வேகமே நிலையாக இருக்காது. முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அளக்க உட்கார வேண்டும்.

மயிலாப்பூர்ப் பக்கம் கச்சேரி எடுப்பவர்கள் பலர் டிரிஃப்ட்டை வெட்டித்தான் சமாளிக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டல் வரும்போது ஒலியை வெட்டி, அடுத்த பாட்டை மறுபடி சிங்க் செய்வார்கள். எங்கள் கணக்கில் 20 நிமிடப் பாட்டுக்கு விலகல் ஒரு ஃப்ரேம்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராகம் தானம் பல்லவி 50 நிமிடம் போகும். நடுவில் வெட்ட இடமில்லை. வெட்டுகிற இடத்திலும் அடியில் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு இழைத்து ஒட்டினாலும் நல்ல ஹெட்போனில் ஒரு சிறு தடுக்கல் கேட்கும். ஒலியின் வேகத்தையே திருத்துவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

அதை எடிட்டிங் மென்பொருளின் ஸ்பீட் பெட்டியில் செய்ய முடியவில்லை. நான் வேலை செய்யும் மென்பொருளில் சதவீதத்துக்குப் பின் இரண்டு தசமம்தான் ஏற்கும். எனக்கு வேண்டியது 100.0036. அது ஏற்கும் மிகச் சிறிய திருத்தமான 100.01 போட்டால் 2 மணி 27 நிமிடத்தில் 880 மில்லிசெகண்ட் சுருங்கிவிடும். 318 பிந்தியிருந்த ஒலி அரை செகண்டுக்கு மேல் முந்திவிடும். அதனால் ஒலியை வெளியே எடுத்து சாக்ஸ் என்ற இலவச நிரலில் போட்டேன்.

```
sox mixer.wav mixer_fix.wav speed 1.000036 rate -v 48k
```

இதில் `speed` என்பது காலத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும். சுருதி மாறுகிறதே என்று தயங்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களின் இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். இங்கே மாறுவது அந்த ஒரு சென்ட்டில் பதினாறில் ஒன்று. எந்தக் காதுக்கும் அது எட்டாது. சொல்லப்போனால் ரெக்கார்டரும் கேமராவும் ஒரே வேகத்தில் ஓடியிருந்தால் இருந்திருக்க வேண்டிய சுருதிக்குத்தான் அது திரும்புகிறது. கூடாதது, சுருதியைத் தொடாமல் காலத்தை மட்டும் மாற்றும் டைம் ஸ்ட்ரெட்ச். சாக்ஸில் `tempo` என்று இருப்பது அதுதான். அது ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, மேலே மேலே அடுக்கி ஒட்டும். பேச்சில் அது தெரியாமல் போகலாம். மிருதங்கத்தின் சாப்பில் தெரியும். அடியின் முனை மழுங்கி, சில இடங்களில் இரட்டித்துக் கேட்கும்.

திருத்திய கோப்பைப் போட்டு வர்ணத்தில் மறுபடி பொருத்தினேன். நடுவிலும் மங்களத்திலும் இரண்டு அலைவடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. பிறகு தனி ஆவர்த்தனத்துக்குப் போய் ஃப்ரேமை எண்ணினேன். கை விழுந்து ஒரு ஃப்ரேம் கழித்துத்தான் சத்தம். வர்ணத்திலும் அதே ஒரு ஃப்ரேம். அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது.

இரண்டு ஒலிகளும் கச்சிதமாகப் பொருந்தியும் படம் பொருந்தவில்லை என்றால் கேமரா கேட்ட ஒலியே தாமதமாக வந்த ஒலி என்று பொருள். மேடையோரத்து ஸ்பீக்கர்களிலிருந்து கேமரா சுமார் 15 மீட்டர் தள்ளி நின்றது. ஏசி அரங்கின் வெப்பநிலையில் ஒலி செகண்டுக்கு ஏறத்தாழ 346 மீட்டர் போகும். 15 மீட்டருக்கு 43 மில்லிசெகண்ட். மேடை மைக்கிலிருந்து கம்பி வழியாக ரெக்கார்டருக்குப் போன சத்தத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. நாம் அதை இழுத்துக்கொண்டு போய், காற்றில் நடந்து வந்த சத்தத்தோடு பொருத்தி, இல்லாத தாமதத்தை அதற்கும் கொடுத்துவிடுகிறோம். மென்பொருளுக்கு இது தெரிய வழியில்லை. அதற்குக் கை தெரியாது, அலை மட்டும்தான் தெரியும். ரெக்கார்டர் ஒலியை முழுவதுமாக 43 மில்லிசெகண்ட் முன்னுக்கு இழுத்தேன். கை விழுந்த ஃப்ரேமிலேயே சாப்பு கேட்டது. அளவு நாடா இல்லாவிட்டால் மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டு, பிறகு கண்ணால் சரிபார்த்தால் போதும்.

வித்வானுக்குப் புது லிங்க் அனுப்பினேன். தனியை மட்டும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "இப்போ என் கைதான் தம்பி" என்றார்.

அந்தக் கேமரா, அந்த ரெக்கார்டர் ஜோடிக்குக் கிடைத்த விகிதத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்தடுத்த கச்சேரிகளிலும் பத்து லட்சத்துக்கு அதே 36 பங்கை ஒட்டியே வருகிறது. திறந்தவெளியில், மதிய வெயிலில் எடுத்த ஒரு பதிவில் மட்டும் இரண்டு மூன்று பங்கு மாறியது. அதனால் பழைய எண்ணை முதலில் போட்டுப் பார்ப்பேன், ஆனால் அளக்காமல் விடுவதில்லை. டைம்கோட் பெட்டி வாங்கினால் இதெல்லாம் வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். டைம்கோட் இது எந்தக் கணம் என்று சொல்லும்; ரெக்கார்டரின் சாம்பிள்களை எண்ணும் படிகத்தை அது பிடித்து நிறுத்தாது. அந்தப் படிகத்தையே வெளியிலிருந்து ஓட்டும் வேர்டு கிளாக் இணைப்பு இருந்தால்தான் டிரிஃப்ட் வராது. நாம் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலும் அது கிடையாது.

நீங்கள் அடுத்த கச்சேரிக்கோ, விடிய விடிய நடக்கும் கூத்துக்கோ போகும்போது இரண்டு காரியங்கள் செய்யுங்கள். கேமராவின் மைக்கை அணைக்காதீர்கள், ஒலி எவ்வளவு மோசமாக இருந்தாலும். ஆரம்பத்தில் மேடையில் ஒரு மைக் அருகே நின்று கேமரா பார்க்க ஒரு தட்டு தட்டுவதுபோல, எல்லாம் முடிந்த பிறகும், கேமராவையும் ரெக்கார்டரையும் நிறுத்துவதற்கு முன், அதே இடத்தில் நின்று இன்னொரு தட்டு தட்டிவிடுங்கள். கடைசித் தட்டு இருந்தால் விகிதம் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.